கம்போடியாவ கீழ இறக்குங்க, சனிக்கிழமைய மேல ஏத்துங்க

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 26 வயசு, யீஷூன்ல இருக்கேன், மூணு வருஷமா லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில வேலை. தமிழ்நாட்டுல கிராமத்து அரசு தொடக்கப் பள்ளியில ஒரு வருஷம் சொல்லிக்கொடுக்குற ஃபெலோஷிப்புக்கு அப்ளை பண்றேன். "கஷ்டமான சூழ்நிலையில எப்படி நிலைச்சு நிப்பீங்க"ன்னு ஒரு கட்டுரை கேக்குறாங்க, மூணு தடவை எழுதி அழிச்சிட்டேன். பவர் கட், தண்ணி, பாத்ரூம் எல்லாத்துக்கும் தயார்னு எழுதியிருக்கேன், கம்போடியாவுல பத்து நாள் ஒரு ஸ்கூலுக்கு பெயின்ட் அடிச்சதையும் போட்டிருக்கேன். கம்யூனிட்டி கிளப்ல ரெண்டு வருஷம் சனிக்கிழமை டியூஷன் எடுத்தேன், ஆனா ஆறு பசங்கள்ல ரெண்டு பேர் பாதியில நின்னுட்டாங்க, அத போட்டா அசிங்கமா இருக்கும்னு விட்டுட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. டிராஃப்ட் அனுப்பியிருக்கேன், எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க.
யீஷூன் வாசகி

பதில்:

தங்கச்சி, டிராஃப்ட ரெண்டு தடவை படிச்சேன். நடை நல்லா இருக்கு, ஒரு பிழை இல்ல, ஆனா பேனல்ல இருந்திருந்தா நான் உங்கள 'வெயிட்டிங்' கட்டுலதான் வச்சிருப்பேன். ஏழு வருஷம் இந்த மாதிரி ஃபார்ம் படிச்சவ, அதுக்கு முன்னாடி நானே ஒரு வருஷம் திருவண்ணாமலை பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில இருந்தவ, அதனால கொஞ்சம் வெட்டுனு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

முதல் பாராவுல "அடிப்படை வசதி இல்லாத, பசியோட வர்ற, புத்தகம் இல்லாத குழந்தைகள்"னு எழுதியிருக்கீங்க. அங்கயே உங்க ஃபார்ம் சரிஞ்சிடுச்சு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில மதிய சாப்பாடு எத்தனையோ காலமா இருக்கு, 1982ல எம்.ஜி.ஆர் சத்துணவுன்னு பெருசா ஆக்கினது, 2022லேர்ந்து தொடக்கப் பள்ளி பசங்களுக்கு காலை சாப்பாடும் சேர்ந்திருக்கு, புத்தகம் யூனிஃபார்ம் எல்லாம் அரசாங்கமே குடுக்குது. அதே 2022ல எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு ஒண்ணாம் வகுப்புலேர்ந்து மூணாம் வகுப்பு வரைக்கும் பசங்கள அரும்பு, மொட்டு, மலர்னு அவங்க நிலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு சொல்லிக்குடுக்க ஏற்பாடு பண்ணியிருக்காங்க. இது எதுவும் தெரியாம "ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு நான் வெளிச்சம் கொண்டு வர்றேன்"ங்கிற தொனியில எழுதினா, படிக்கிறவங்க பாதிப்பேர் அதே ஊர்க்காரங்க தங்கச்சி, அவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்ப அங்க என்னதான் குறைச்சல்? ஆள். கல்வி உரிமைச் சட்டம் 2009ஓட கணக்குப்படி அறுபது பசங்க வரைக்கும் இருக்குற தொடக்கப் பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர். வகுப்போ அஞ்சு. ஈராசிரியர் பள்ளின்னு சொல்வாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஹெட்மாஸ்டர், அவருக்கு மீட்டிங், டிரெய்னிங், ஆன்லைன்ல ஏத்த வேண்டிய விவரம்னு தினம் ஏதாவது வந்துடும், அவர் வெளிய போன அன்னிக்கு ஒரே டீச்சர் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நீங்க போய் சேர்ந்த பிறகு அந்த இடத்துல சில நாள் நீங்க நிப்பீங்க. இங்க பிரைமரி ஒண்ணுல இங்கிலீஷ் வாசிக்கத் திணறுற பிள்ளைய லேர்னிங் சப்போர்ட்டுக்கு சின்ன குரூப்பா தனியா கூட்டிட்டுப் போவாங்க இல்ல, அங்க அந்த தனி டீச்சரும் நீங்கதான், மீதி கிளாஸும் நீங்கதான்.

பாத்ரூம், பவர் கட் கஷ்டம் இல்லன்னு சொல்லல. ஆனா அதெல்லாம் மூணு வாரத்துல பழகிடும், பழகாதது வேற. என் கதையையே சொல்றேன். நான் அப்ளை பண்ணப்ப நானும் பல்லி, பாம்பு, பக்கெட் தண்ணின்னு ஒரு பக்கம் எழுதினவதான். போய் ஒரு மாசம் ஆனதும் நாலு அஞ்சு சேர்ந்த என் கிளாஸ்ல பத்தொம்பது பேர்ல பதினாலு பேர் சரளமா வாசிக்கிறாங்கன்னு கோஆர்டினேட்டருக்கு பெருமையா ரிப்போர்ட் போட்டேன். அடுத்த வாரம் ஒரு பையன் பாடத்த ஏத்த இறக்கத்தோட அழகா வாசிச்சிட்டிருக்கான், நான் சும்மா பின்னாடி போய் நின்னு பாத்தா அவன் விரல் ரெண்டு வரி தள்ளி நிக்குது. வாய் ஒரு இடத்துல, விரல் ஒரு இடத்துல. பக்கத்த கையால மறைச்சு நடுவுல ஒரே ஒரு வார்த்தைய மட்டும் காட்டி "இது என்னடா"ன்னு கேட்டேன், மூஞ்சி அப்படியே மாறிடுச்சு, பாடத்தோட முதல் வரியிலேர்ந்து முணுமுணுன்னு ஆரம்பிச்சு அந்த வார்த்தை வர்ற வரைக்கும் சொல்லி வந்து நிறுத்துறான். முழுப் பாடமும் மனப்பாடம். அன்னிக்கு சாயந்தரம் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு புத்தகத்துல இல்லாத அஞ்சு வார்த்தை எழுதிக் காட்டினேன், அஞ்சுல நாலு சரியா வாசிச்சாத்தான் வார்த்தை நிலைன்னு வச்சுக்கறது, இந்தியக் கிராமத்துப் பசங்களோட வாசிப்ப அளக்குற அசர் சர்வேயில பண்ற முறைதான் அது. பத்தொம்பதுல தேறினது அஞ்சு பேர். நான் அனுப்பின ரிப்போர்ட் பொய்னு நானே போன் பண்ணி சொல்ல வேண்டியிருந்துச்சு. ராத்திரி பாயில படுத்துக்கிட்டு அழுதேன், பல்லிக்காக இல்ல.

இந்த வேலையோட கஷ்டம் இதுதான், நீங்க ராப்பகலா உழைப்பீங்க, அது வேலை செய்யலன்னு ரெண்டு மாசம் கழிச்சுத் தெரியும். உங்க டிராஃப்ட்ல அந்த வாசனையே இல்ல. உடம்பு படப்போற கஷ்டம் மட்டும்தான் இருக்கு.

பேனல் எத பாத்து பயப்படும்னும் சொல்லிடுறேன். டீச் ஃபார் இந்தியா, டீச் ஃபார் மலேசியா எல்லாம் ரெண்டு வருஷம், முதல் வருஷம் சொதப்பினத ரெண்டாவது வருஷம் சரி பண்ணிக்கலாம். உங்களோடது ஒரே வருஷம், ரெண்டாவது சான்ஸ் கிடையாது. நான் பாத்தவரைக்கும் பாதியில கிளம்பிப் போனவங்க யாரும் ஸ்கூல் திறக்குற ஜூன்ல போகல, காலாண்டுத் தேர்வு முடிஞ்சு, மழை ஆரம்பிச்சு, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துட்டு, திரும்ப டிக்கெட் போட மனசு வராம நின்னுடுவாங்க. நடு வருஷத்துல அந்த இடத்துக்கு வேற ஆள் கிடைக்காது. அதனால உங்க கட்டுரைய படிக்கிறவங்க மனசுல ஓடுற கேள்வி 'இவ நல்ல பொண்ணா'ங்கிறது இல்ல, 'நவம்பர்ல இவ இருப்பாளா'ங்கிறதுதான்.

அதுக்கு பதில் உங்க கையிலயே இருக்கு, அத போய் அசிங்கம்னு ஒளிச்சு வச்சிருக்கீங்க. கம்போடியா பத்து நாள், கூட இருவது ஃப்ரெண்ட்ஸ், திரும்பி வர்ற டிக்கெட் கையில, பெயின்ட் அடிச்சா சாயந்தரமே சுவரு மாறியிருக்கும். நவம்பருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க. சனிக்கிழமை டியூஷன் ரெண்டு வருஷம், யாரும் கைத்தட்டல, ரெண்டு பேர் நின்னுட்டாங்க, நீங்க நிக்கல. அதுதான் சரக்கு. கம்போடியாவுக்கு கடைசியில ஒரு வரி போதும், இல்லாட்டியும் குறையில்ல.

உங்க டிராஃப்ட்ல அந்த டியூஷனுக்கு இருந்தது ஒரே ஒரு வரி, "வசதி குறைந்த மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கற்பித்து அவர்கள் வாழ்வில் மாற்றத்தை ஏற்படுத்தினேன்". இத எப்படிப் பிரிச்சு எழுதலாம்னு காட்டுறேன், உள்ள இருக்குற விவரம் நான் சும்மா போட்டது, உங்களுக்கு நடந்தத அந்த இடத்துல வைங்க, காப்பி அடிச்சிடாதீங்க, இன்டர்வியூல குடைவாங்க:

"சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு பேர். ஏழாவது மாதம் ஒரு மாணவன் வருவதை நிறுத்தினான். அவன் அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன், மூன்றாவது முறை நேரில் போனேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்றார். தம்பியையும் கூட்டி வரச் சொன்னேன், நான்கு வாரம் வந்தான், பிறகு நின்றுவிட்டான். அவனை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அதன் பிறகு ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் அந்த வாரமே வீட்டுக்குப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு இன்னொரு மாணவி நின்றாள், அவளுக்கு நான் தாமதிக்கவில்லை, ஆனாலும் நின்றாள். மீதி நான்கு பேருடன் கடைசி சனிக்கிழமை வரை இருந்தேன்."

இதுல பெருமையா ஒரு வார்த்தை இருக்கா பாருங்க. "அர்ப்பணிப்பு"ங்கிற சொல்லே வரல, தோத்தது தோத்ததாவே நிக்குது. ஆனா ஏழாவது மாசம், ரெண்டு போன், ஒரு தடவை நேர்ல, அதுக்கப்புறம் மாத்திக்கிட்ட பழக்கம்னு வரிசையா வர்றப்ப படிக்கிறவங்களுக்கு நவம்பர் கேள்விக்கு பதில் கிடைச்சிடுது. "கடைசியில அந்தப் பையன் திரும்பி வந்து நல்ல மார்க் வாங்கினான்"னு முடிவ மட்டும் இனிப்பா மாத்திடாதீங்க, கிளப்ல அந்த டியூஷன ஏற்பாடு பண்ணினவரத்தான் நீங்க ரெஃபரியா போடணும், அவர்கிட்ட கேப்பாங்க.

அடுத்தது "ஒரு வருடத்தில் என் வகுப்பு மாணவர்கள் அனைவரையும் சரளமாக வாசிக்க வைப்பேன்"ங்கிற வரி. இத படிச்சாலே கணக்கு போடாத ஆள்னு தெரிஞ்சிடும். நானே போட்டுக் காட்டுறேன். சட்டப்படி தொடக்கப் பள்ளிக்கு குறைஞ்சது 200 வேலை நாள். அதுல நீங்க பசங்க பேர் கத்துக்கிற முதல் மூணு வாரம், பரீட்சை நாள், மழை லீவு, ஹெட்மாஸ்டர் இல்லாததால எல்லா வகுப்பையும் பாத்துக்கிட்டு கிடக்குற நாள் எல்லாம் கழிச்சா, வாசிப்புக்குன்னு உருப்படியா எனக்குக் கிடைச்சது ஏறக்குறைய 130 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். வாசிக்கத் திணறுற எட்டு பேர ஒரு குரூப்பா வச்சுக்கிட்டா ஆளுக்கு ஏழரை நிமிஷம். அதுலயும் யாருக்கு ரொம்பத் தேவையோ அந்தப் பிள்ளைதான் அதிகமா லீவு போடும், நாலு நாளைக்கு ஒரு நாள் வரலன்னு வைங்க, 130 மணி நேரம் 97க்கு வந்துடும். இதுக்கு மேல எங்க பக்கத்துல பொங்கல் முடிஞ்சதும் சில குடும்பம் செங்கல் சூளைக்கு மொத்தமா கிளம்பிடும், பிள்ளையும் கூடவே போயிடும், உங்க எட்டு பேர்ல ரெண்டு பேர் ஜனவரியோட காணாமப் போவாங்க, அது உங்க தப்பு இல்ல, ஆனா உங்களுக்கு அப்படித் தோணாது.

அதனால இலக்க இப்படி எழுதுங்க: முதல் வாரத்துலயே ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எழுத்து, வார்த்தை, பத்தி, கதைன்னு எந்த நிலையில இருக்காங்கன்னு பாப்பேன், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாப்பேன், எழுத்து நிலையில இருக்குற பிள்ளைய பொங்கலுக்குள்ள வார்த்தைக்கும் வார்த்தையில இருக்குறவங்கள வருஷ முடிவுக்குள்ள பத்திக்கும் கொண்டு வரப் பாப்பேன், ரெண்டு சுத்து பாத்தும் நகரலன்னா முறைய மாத்துவேன், பக்கத்து வகுப்பு டீச்சர்கிட்ட கேப்பேன். சின்ன இலக்கா தெரியும். ஆனா கொம்பு, காலு, சுழி எல்லாம் குழம்பிக் கிடக்குற பத்து வயசுப் பிள்ளைய ஒரு நிலை மேல ஏத்துறது எவ்வளவு பாடுன்னு பேனல்ல இருக்குறவங்களுக்குத் தெரியும்.

"பக்கத்து வகுப்பு டீச்சர்கிட்ட கேப்பேன்"னு சொன்னத சாதாரணமா எடுத்துக்காதீங்க. நீங்க அந்த ஸ்கூல்ல அரசாங்கம் போட்ட ஆள் இல்ல, விருந்தாளி. இருவது வருஷமா அங்க இருக்குறவங்களுக்கு நீங்க இன்னொரு வருஷத்து ஃபாரின் பொண்ணு, அடுத்த ஏப்ரல்ல போட்டோ எடுத்துக்கிட்டு போயிடுவீங்க, அவங்க அப்படி நினைக்கிறதுல நியாயமும் இருக்கு. இன்டர்வியூல அனேகமா இந்தக் கேள்வி வரும், "அங்க இருக்குற டீச்சர் பிரம்ப எடுத்து பிள்ளைய அடிச்சா என்ன பண்ணுவீங்க". அடிக்கிறது கல்வி உரிமைச் சட்டத்துல தடை, அத தெரிஞ்சிருக்கணும். அதுக்காக "உடனே தடுத்து சட்டத்த எடுத்துச் சொல்வேன்"னு வீரமா சொன்னா அடுத்த கேள்வி "பிள்ளைங்க முன்னாடியா"ன்னு வரும். "கலாச்சாரம், நான் தலையிட மாட்டேன்"னு சொன்னா அங்கயே முடிஞ்சுது. நான் கேக்க விரும்புற பதில் இது: அந்த நேரத்துல பிள்ளைய ஏதாவது வேலை சொல்லி என் பக்கம் கூப்பிட்டுக்குவேன், சாயந்தரம் அந்த டீச்சர்கிட்ட தனியா பேசுவேன், அன்னிக்கே கோஆர்டினேட்டருக்கும் சொல்லிடுவேன், பிள்ளைக்கு காயம்னா ஹெட்மாஸ்டர்கிட்ட போறதுக்கு சாயந்தரம் வரைக்கும் காத்திருக்க மாட்டேன்.

உங்க தமிழப் பத்தி ஒரு வரி கட்டுரையில வந்தா நல்லது. வீட்ல தமிழ் பேசுறீங்கங்கிறது பெரிய பலம்தான், ஆனா நம்ம சிங்கப்பூர் தமிழ கேட்டு பசங்க முதல் வாரம் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நான் "டாய்லெட் போகணுமா லா"ன்னு வாய் தவறி கேட்டுட்டேன், அந்த வருஷம் முழுக்க என் பேரு லா டீச்சர்.

இனிமே பணம், அம்மா. ஃபார்ம்ல இத கேக்க மாட்டாங்க, ஆனா நவம்பர்ல கிளம்பிப் போறதுக்கு பாதிக் காரணம் இங்கதான் இருக்கும். ஸ்டைபன்ட் அந்த ஊர்ல சாப்பிட்டு இருக்கப் போதும், சிங்கப்பூர் செலவுக்கு ஆகாது. உதாரணத்துக்கு ஸ்டடி லோன் மாசம் 350 வெள்ளி, இன்சூரன்ஸ் 180, அம்மாவுக்கு குடுக்குறது 300னு வைங்க, மொத்தம் 830, பன்னெண்டு மாசத்துக்கு 9,960. திரும்பி வந்து வேலை தேடுற மூணு மாசத்துக்கு இன்னொரு 2,490. ஆக பன்னெண்டாயிரத்துச் சொச்சம் பேங்க்ல இல்லாம கிளம்பினா தீபாவளி சமயத்துல லோன் மெசேஜ் வர்றப்ப கை நடுங்கும். அந்த வருஷம் சிபிஎஃப்லயும் ஒண்ணும் ஏறாது, பிடிஓ வீட்டுக்கு யார்கூடயாவது பேலட் போட்டிருந்தா அவங்ககிட்டயும் இப்பவே உக்காந்து பேசிடுங்க. உங்க கணக்கு என்னவோ அத ஒரு பேப்பர்ல போட்டு வைங்க, இன்டர்வியூல "ஃபைனான்ஸ் எப்படி"ன்னு கேட்டா "சமாளிச்சுடுவேன்"ங்கிறதுக்கு பதிலா அந்த எண்ணையே சொல்லலாம். விசாவ பத்தியும் ஆஃபர் வந்த உடனே கேளுங்க, டூரிஸ்ட் விசாவுல போய் ஸ்கூல்ல நிக்க முடியாது, எந்த விசா, யார் பேப்பர் குடுப்பாங்கன்னு அவங்க எழுத்துல சொல்ற வரைக்கும் வேலைய ராஜினாமா பண்ணாதீங்க.

அம்மாகிட்ட சப்மிட் பண்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. செலக்ட் ஆனா பாத்துக்கலாம்னு தோணும், ஆனா அவங்க கேக்கப்போற கேள்வி எல்லாம், யார்கூட தங்குவே, உடம்பு சரியில்லன்னா எந்த ஆஸ்பத்திரி, ராத்திரி எப்படி வருவேன்னு, பேனல் கேக்குறதவிட உஷாரா இருக்கும். பதில் தெரியலன்னா அத அப்படியே ஃபெலோஷிப் ஆளுங்களுக்கு மெயில்ல கேளுங்க. அதுக்கு நேரடியா பதில் சொல்லாம "எங்க ஃபெலோஸ் எல்லாம் சமாளிச்சுக்குவாங்க"ன்னு மழுப்புனாங்கன்னா நீங்க ரெண்டு தடவை யோசிங்க.

கடைசியா ஒரு கேள்வி, நான் எல்லா இன்டர்வியூலயும் கேட்டது, "எது நடந்தா நீங்க பாதியில வந்துடுவீங்க". "எதுக்காகவும் வரமாட்டேன்"னு சொன்னவங்கள நான் நம்பினதில்ல. ஒரு பையன் "அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடுது, அக்கா பாத்துக்குறா, அக்காவால முடியலன்னா நான் வந்துடுவேன், அத தவிர வேற எதுக்கும் வரமாட்டேன்"னு சொன்னான். எடுத்தோம், ஏப்ரல் வரைக்கும் இருந்தான். உங்களுக்கும் அப்படி ஒண்ணு ரெண்டு இருக்கும், இப்பவே யோசிச்சு வைங்க.

டிராஃப்ட முழுசா திருத்தி எழுத உங்களுக்கு ரெண்டு சாயந்தரம் போதும். அதுக்கு முன்னாடி அந்த டியூஷன ஏற்பாடு பண்ணினவருக்கு இன்னிக்கே மெசேஜ் போடுங்க, நின்னுபோன ரெண்டு பேரப் பத்தியும் எழுதப்போறேன்னு சொல்லிட்டு கேளுங்க, எந்த மாசம் நின்னாங்கன்னு அவர்கிட்ட அட்டென்டன்ஸ் இருக்கும்.